கல்லின் முன்னால் நின்று சொல்ல வேண்டியது

மாமல்லபுரத்தைப் பற்றி ஒரு ஸ்லைடுத் தொகுப்பு செய்யச் சொன்னால், பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் அதை ஒரே மாதிரிதான் செய்வார்கள். முதல் ஸ்லைடில் 1984-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த செய்தி. அடுத்ததில் பல்லவ மன்னர்களின் வரிசை. பிறகு குடைவரைக் கோயில்கள், ஒற்றைக்கல் ரதங்கள், புடைப்புச் சிற்பங்கள், கட்டுமானக் கோயில்கள் என்று வகைக்கு ஒரு பகுதி. குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்து கேட்பவருக்கு இந்த வரிசை நல்ல வரிசை. அவருக்கு ஊர் தெரியாது. வகை பிரித்துச் சொன்னால்தான் மனத்தில் தங்கும்.

இதே தொகுப்பை ஊருக்கு வரும் கூட்டத்தை அழைத்துச் செல்லும் வழிகாட்டியின் கையில் கொடுத்தால் அவர் திண்டாடிப்போவார். அர்ச்சுனன் தபசுக்கும் கணேச ரதத்துக்கும் இடையே சில நிமிட நடைதான்; தொகுப்பில் அவை வேறு வேறு பகுதிகளில் இருக்கும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் தொகுப்பில் அடுத்தடுத்து வரும். நிலத்தில் அவற்றுக்கு நடுவே வெயிலும் கடைத்தெருவும் கிடக்கின்றன. போதாததற்கு, ஸ்லைடு ஒவ்வொன்றும் ஒரு படத்தைக் காட்டி அதற்கு விளக்கம் சொல்கிறது. வழிகாட்டியிடம் படம் இல்லை, அசல் சிற்பம் இருக்கிறது. கேட்பவர்கள் அதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே இந்த மாற்று வேலையில் முதலில் கைவிட வேண்டியது ஸ்லைடு என்ற அலகை. ஸ்லைடுக்கு ஒரு பத்தி என்று எழுதினால் அது மேடைப் பேச்சாகவே நிற்கும். கூட்டம் எங்கே நிற்கிறதோ அந்த இடம்தான் உரையின் அலகு. நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதற்குத்தான் அங்கே பேச்சு. தெரியாத எதுவும் அந்த நிறுத்தத்துக்கு உரியதல்ல, அது எவ்வளவு அரிய தகவலாக இருந்தாலும்.

இதற்கு ஒரே வழி, தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஊரை நடந்து பார்ப்பது. காலைக் கூட்டத்துக்கு வடக்கிலிருந்து தெற்கே இறங்குவது வசதி. கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து என்று அழைக்கப்படும் உருண்டைப் பாறையில் தொடங்கி, கணேச ரதம், அர்ச்சுனன் தபசு, அதை ஒட்டிய கிருஷ்ண மண்டபம், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிஷாசுரமர்த்தினி குடைவரை, அங்கிருந்து ஐந்து ரதம், கடைசியில் கடற்கரைக் கோயில். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் நேராக அதன் மேல் விழும்போதுதான் உருவங்கள் தெளிவாகப் பிரிந்து தெரியும். பிற்பகலில் பாறை முழுக்க நிழல் விழுந்து சிற்பங்கள் மங்கிவிடும். பாதையின் வரிசையில் பாதியைச் சூரியன்தான் முடிவு செய்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

நடக்கும்போதே ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் அது எந்த இடத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளலாம். சில ஸ்லைடுகள் துண்டு துண்டாக உடைந்து நான்கு இடங்களுக்குப் போகும். சில எங்கும் போகாது. சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட முருகன் கோயில் அப்படிப்பட்டது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது என்பது அருமையான செய்திதான். ஆனால் அந்த இடம் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த நடையில் அது கண்ணில் படப்போவதில்லை. அதை உரையில் திணிக்காமல், யாராவது கேட்டால் சொல்வதற்கான குறிப்பாக வைத்துக்கொள்வதே சரி.

இனி ஒரு நிறுத்தத்தை முழுதாகப் பார்ப்போம். அர்ச்சுனன் தபசைப் பற்றிய ஸ்லைடில் வழக்கமாக இருப்பவை இவை: உலகின் பெரிய திறந்தவெளிப் புடைப்புச் சிற்பங்களில் ஒன்று, 7-ம் நூற்றாண்டு, முதலாம் நரசிம்மவர்மன், அர்ச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கியது என்றும் இரு விளக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், தவம் செய்யும் பூனை.

இதை அப்படியே வாசித்தால் என்ன ஆகும்? நரசிம்மவர்மன் என்ற பெயர் காதில் விழும் நேரத்தில் கூட்டத்தின் கண் யானையின் மேல் இருக்கும். அவ்வளவு பெரிய யானை எதிரே நிற்கும்போது அரசன் பெயரை யார் கேட்பார்கள்? குழந்தைகள் யானையைக் காட்டிக் கூச்சலிடுவார்கள், பெரியவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். முதல் இரண்டு நிமிடம் அப்படியே வீணாகிவிடும். கண் எதை முதலில் பிடிக்கிறதோ அதையே வாயும் முதலில் பேச வேண்டும். அங்கிருந்து கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டுபோய், கேள்வி எழும் இடத்தில் நிறுத்தி, அதன் பிறகே பெயரையும் காலத்தையும் சொல்ல வேண்டும்.

பேச்சு ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“எல்லாரும் கொஞ்சம் நிழல் பக்கமா வந்து நில்லுங்க. யானையைப் பார்த்துட்டீங்கதானே? ஒரு நிமிஷம் நல்லாப் பார்த்துக்குங்க. இப்ப அந்த யானைகளுக்கு முன்னால, பாறை ரெண்டாப் பிளந்த மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு இடைவெளி தெரியுதா? அது செதுக்கினது இல்லைங்க, பாறையிலேயே இருந்த பிளவு. அந்தப் பிளவுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாருங்க. ஆமா, நாகங்கள். கைகூப்பிக்கிட்டு மேல ஏறி வருதுங்க. சுத்தி இருக்கிற எல்லாரும் எந்தப் பக்கம் பார்க்கிறாங்க? தேவர்கள், முனிவர்கள், மிருகங்கள், எல்லாமே அந்தப் பிளவை நோக்கித்தான். அப்ப அங்க என்னமோ நடக்குது.”

இங்கே நிறுத்திவிட வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பாட்டி, “தண்ணி வருதோ?” என்பார். அதன் பிறகு சொல்லலாம்: பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உண்டு, அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் அது இந்தப் பிளவு வழியே நாகங்களின் மேல் வழிந்து இறங்கியிருக்கும். கங்கை என்று சொல்பவர்கள் சொல்வது இதனால்தான். பிளவுக்கு அடியில் ஒருவன் தோளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான், இன்னொருவன் நனைந்த துணியைப் பிழிகிறான். ஆற்றங்கரையில் நாம் பார்ப்பவர்கள்தான் அவர்கள்.

அடுத்து கண்ணை மேலே ஏற்ற வேண்டும். பிளவுக்குக் கிருஷ்ண மண்டபப் பக்கமாக, ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கும் மெலிந்த மனிதர். அவர் பக்கத்தில் நான்கு கைகளோடு சிவன். ஒரு கை வரம் கொடுக்கும் நிலையில் தாழ்ந்திருக்கிறது. கங்கையைக் கேட்டு நிற்கும் பகீரதன் என்றால் ஒரு கதை. பாசுபதம் கேட்டு நிற்கும் அர்ச்சுனன் என்றால் இன்னொரு கதை. இரண்டையும் சொல்லி, இரண்டுக்கும் பாறையில் எது சாட்சி என்று காட்டிவிட்டால் போதும். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது வழிகாட்டியின் வேலையல்ல. ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பூனையைக் கடைசியாக வைக்க வேண்டும். முதலிலேயே காட்டிவிட்டால் அதோடு எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். மேலே தவம் செய்யும் மனிதரைப் பார்த்த பிறகு, பெரிய யானைக்கு முன்னால் அதே மாதிரி கையைத் தூக்கி நிற்கும் பூனையையும் அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் காட்டினால், அந்தப் பகடி தானாகவே புரியும். விளக்கிச் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படாது.

இத்தனைக்குப் பிறகு காலம். இங்கே ஸ்லைடில் இருக்கும் ஆண்டுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மாமல்லன் என்று பெயர்பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தவை என்று பலரும் எழுதினாலும், ஊரில் உள்ள சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். விவாதம் ஓயவில்லை. தெருவில் நிற்கும் கூட்டத்துக்கு இந்த விவாதம் சுமை. “ஏறக்குறைய 1300 வருஷம் முன்னாடி, பல்லவர் காலத்தில்” என்று சொன்னால் இரு தரப்புக்கும் பொருந்தும். கேட்பவருக்கும் நினைவில் நிற்கும். ஒரு நடை முழுவதற்கும் இந்த ஒரு எண் போதும். மற்ற ஆண்டுகளெல்லாம் வழிகாட்டியின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இடம், வலம் என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்லைடில் “இடப்பக்கம்” என்றால் படத்தின் இடப்பக்கம். வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். அவருடைய இடது கை அவர்களுக்கு வலது. புராணச் சிற்பத்தில் தேவியின் இடது கை என்றால் மூன்றாவது குழப்பம். உரையில் அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு, ஊரில் நிலையாக நிற்கும் பொருள்களைச் சொல்லிவிடலாம்: கடல் பக்கம், மலைப் பக்கம், கலங்கரை விளக்கப் பக்கம், தெருப் பக்கம். எழுதுபவர் அந்த இடத்தில் நின்றே எழுதினால்தான் இது வரும். வீட்டில் மேசையில் உட்கார்ந்து எழுதினால் இடமும் வலமும்தான் வரும்.

தொகுப்பில் உள்ள செய்திகளில் எது உறுதியானது, எது செவிவழிக் கதை என்பதும் இந்தக் கட்டத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும். வெண்ணெய்ப் பந்துப் பாறையை எடுத்துக்கொள்வோம். சரிவில் நிற்கிறது, சுமார் 6 மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 250 டன் என்று மதிப்பிடுகிறார்கள். 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதன் முன்னால் கைகோத்து நின்ற படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதோடு பல ஸ்லைடுகளில் இன்னொரு வரியும் இருக்கும்: 1908-ல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார், பாறை அசையவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹேவ்லாக் 1900-லேயே ஆளுநர் பதவியை விட்டுப் போய்விட்டார். 1908-ல் சென்னை ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. பெயரா ஆண்டா, ஏதோ ஒன்று தவறு; இரண்டுமே கதையாகவும் இருக்கலாம். ஸ்லைடில் இருந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். கூட்டத்தின் முன்னால் உரக்கச் சொன்னால், அதில் ஒருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார். “யானை கட்டி இழுத்துப் பார்த்ததா ஊர்ல ஒரு கதை இருக்குங்க” என்று சொல்லிவிட்டு நகர்வது பாதுகாப்பு. கதையின் சுவையும் குறையாது.

இந்த நிறுத்தத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது என் கட்சி. அங்கே எல்லாரும் பாறையைக் கையால் தாங்குவது போலப் படமெடுத்துக்கொள்ளத்தான் துடிப்பார்கள். அதற்கு வழிவிட வேண்டும்.

வகைப்பாட்டு ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. குடைவரை, ஒற்றைக்கல், கட்டுமானம் என்ற மூன்று கட்டத்தில்தான் மாமல்லபுரத்தின் சிறப்பே இருக்கிறது. ஆனால் அதை ஒரே இடத்தில் அட்டவணையாகச் சொல்லாமல், மூன்று இடங்களில் மூன்று வரியாக விதைக்க வேண்டும். மகிஷாசுரமர்த்தினி குடைவரையில், “பாறைக்குள்ள புகுந்து அறை செஞ்சிருக்காங்க, வெளியே பாறை பாறையாவே இருக்கு.” ஐந்து ரதத்தில், “இங்க உள்ள போகலை, பாறையையே வெளியில இருந்து கோயிலா ஆக்கிட்டாங்க.” கடற்கரைக் கோயிலில், “இங்க கல்லை வெட்டி எடுத்து வந்து அடுக்கியிருக்காங்க.” மூன்றாவது வரி விழும்போது முதல் இரண்டையும் பார்த்துவிட்டு வந்த கால்கள் அங்கே நிற்கும். அட்டவணையால் இதைச் செய்ய முடியாது.

ஐந்து ரதத்தில் ஸ்லைடுக்கும் நிறுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்லைடில் ஒவ்வொரு ரதத்தின் கூரை வடிவத்துக்கும் ஒரு கலைச்சொல் இருக்கும். நகுல சகாதேவ ரதத்துக்கு எதிரே “கஜபிருஷ்ட விமானம்” என்று போட்டிருப்பார்கள். நேரில் அந்த ரதத்தின் பக்கத்திலேயே, அதே பாறைத் தொடரிலிருந்து செதுக்கிய முழு யானை ஒன்று நிற்கிறது. கூட்டத்தை யானைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, “யானையோட முதுகைப் பாருங்க. இப்ப அப்படியே கோயில் கூரையைப் பாருங்க” என்று சொன்னால் முடிந்தது. திரௌபதி ரதத்துக்கு ஓலைக் குடிசை, பீம ரதத்துக்கு வண்டிக் கூண்டு. தெரிந்த வடிவத்தைச் சொன்னால் போதும். சொல் வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும் பிறகு சொல்லலாம்.

இங்கே சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. இவை தேரும் அல்ல, பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பும் இல்லை. பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. எந்தக் கோயிலும் முழுதாக முடியவும் இல்லை. அதற்கான சாட்சி கண்ணெதிரே இருக்கிறது. மேலே கூரையிலும் மாடங்களிலும் வேலை நுணுக்கமாக இருக்கும்; கீழே வர வரக் கரடுமுரடாகி, அடிப்பகுதியில் பாறை பாறையாகவே நிற்கும். சிற்பிகள் மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எந்த வரைபடத்தாலும் முடியாது. பீம ரதத்தின் அடியைக் காட்டிவிட்டு, “ஏன் இப்படி?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் கூட்டமே பதில் சொல்லும்.

கூட்டம் நிற்க முடியாத இடத்துக்கு உரையை வேறு மாதிரி எழுத வேண்டும். மகிஷாசுரமர்த்தினி குடைவரை சிறியது. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் போரிடும் துர்க்கை, எதிர்ச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். ஒன்று முழுப் பரபரப்பு, மற்றது முழு அமைதி. உள்ளே நின்று பேசினால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது, குரல் எதிரொலித்து எதுவும் கேட்காது. வெளியே நின்று, “உள்ளே போய் ரெண்டு சுவரையும் மாறி மாறிப் பாருங்க, எங்க சத்தம், எங்க அமைதின்னு வந்து சொல்லுங்க” என்று அனுப்பிவிட வேண்டும். கிருஷ்ண மண்டபத்தில் பிரச்சினை இருட்டு. கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணன் சிற்பம் முதலில் திறந்த வெளியில்தான் இருந்தது. முன்னால் நிற்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்ந்தது. வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு அரை நிமிடம் எதுவும் தெரியாது. அந்த அரை நிமிடத்தில்தான் மண்டபம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது பால் கறப்பவனும் கன்றை நக்கும் பசுவும் இருட்டிலிருந்து வெளியே வருவார்கள்.

கடற்கரைக் கோயிலில் எதிரி காற்று. காற்று வரும் பக்கத்தில் வழிகாட்டி நின்றால்தான் குரல் கூட்டத்துக்குப் போய்ச் சேரும். மறுபக்கம் நின்றால் கத்தினாலும் கேட்காது. காற்றின் திசை காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஆகவே இந்த நிறுத்தத்துக்கு நிற்கும் இடம் இரண்டாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்லைடில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. பேச வேண்டியதில் பெரும்பகுதியைப் புல்வெளியில் நின்றே பேசிவிட்டு உள்ளே அழைத்துப் போவது நல்லது: ராஜசிம்மன் கட்டியது, கடலைப் பார்த்து ஒரு சிவன் சந்நிதி, ஊரைப் பார்த்து ஒரு சிவன் சந்நிதி, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காற்றில் சிற்பங்களின் முகங்கள் தேய்ந்துபோனதை உள்ளே போனவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல் போகும். அர்ச்சுனன் தபசுக்கு 8 நிமிடம் ஒதுக்கினால் 700 சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. அதிலும் பாதி நேரம் கூட்டத்தின் கேள்விக்கும் மௌனத்துக்கும் போகும் என்பதால் 350-தான் சரியான அளவு. நடக்கும்போது பேசுவதற்கு எதுவும் எழுத வேண்டாம். முன்னால் நடப்பவர் முதுகைக் காட்டிப் பேசினால் யாருக்கும் கேட்காது. அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பலாம்: “அடுத்து பார்க்கப்போற யானை இதைவிடப் பெருசா, சின்னதான்னு பார்த்துட்டே வாங்க.”

எழுதி முடித்ததும் வழிகாட்டிக்குப் புத்தகமாகக் கொடுத்துவிடாமல், நிறுத்தத்துக்கு ஓர் அட்டையாகக் கொடுங்கள். அட்டை இப்படி இருந்தால் போதும்:

அர்ச்சுனன் தபசு
நிற்குமிடம்: தெருவோர மர நிழல், பாறையைப் பார்த்து
முதல் பார்வை: யானை, பிறகு பிளவு
கேட்க வேண்டியது: எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள்?
சொல்ல வேண்டியது: நாகம், தண்ணீர்த் தொட்டி, குடம் தூக்குபவன், தவசி, சிவன், இரு கதைகள், 1300 ஆண்டு, பூனை
கேட்டால் மட்டும்: எந்த மன்னன், நாகசாமியின் வாதம்
நேரம்: 8 நிமிடம்

முழு வாக்கியங்களை மனப்பாடம் செய்தவரைக் கேட்ட இரண்டாவது நிறுத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் அவர் விட்ட இடத்தைத் தேடித் தொடக்கத்துக்கே போய்விடுவார். சொற்களின் வரிசையை மட்டும் வைத்திருப்பவர் எங்கே நிறுத்தினாலும் அங்கிருந்தே தொடர்வார்.

கல்லூரிகளிலும் மரபு அமைப்புகளிலும் இப்படித் தொகுப்புகள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கோப்பை வழிகாட்டிகளுக்கு அனுப்பும் முன், ஒருநாள் காலையில் அந்தச் சின்னத்தின் முன்னால் போய் நின்று, படங்களை மூடி வைத்துவிட்டு, எழுதியிருப்பதை உரக்க வாசித்துப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் எதையும் சுட்டாத வரிகளை அங்கேயே அடித்துவிட்டு, மீதியை அனுப்புங்கள்.